ஷெப்பர்டின் பத்து நிமிடம்

இரவு மணி 10.15. கிங்ஸ் அபட் என்ற ஆங்கிலேயக் கிராமத்தில் டாக்டர் ஷெப்பர்டின் வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கிறது. எடுத்துப் பேசிவிட்டு வைத்தவர், ஊர்ப் பணக்காரர் ரோஜர் அக்ராய்டை யாரோ கொன்றுவிட்டதாக அவர் வீட்டு வேலையாள் பார்க்கர் சொன்னதாகத் தன் அக்காள் கரோலைனிடம் சொல்லிவிட்டு, மருத்துவப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அங்கே போனால் பார்க்கர் விழிக்கிறார். அவர் யாருக்கும் போன் செய்யவே இல்லை. ஆனால் உள்ளிருந்து பூட்டிய அறைக் கதவை உடைத்துப் பார்த்தால், கழுத்தில் கத்தி பாய்ந்த நிலையில் அக்ராய்ட் நாற்காலியில் செத்துக் கிடக்கிறார்.

அகதா கிறிஸ்டி எழுதி 1926இல் வெளிவந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலின் தொடக்கப் பகுதி இது. துப்பறியும் கதையில் வாசகரை எப்படி ஏமாற்றலாம், எதுவரை ஏமாற்றலாம் என்ற விவாதம் எழும்போதெல்லாம் முதலில் மேசைக்கு வரும் புத்தகமும் இதுதான். அதன் கொலையாளி யார் என்பதைச் சொல்லாமல் அதன் நுட்பத்தைப் பேச முடியாது. ஆகவே இன்னும் படிக்காதவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு நாவலைப் படித்து முடித்தபின் திரும்பி வருவது நல்லது. அந்த அதிர்ச்சி ஒருமுறைதான் கிடைக்கும்.

துப்பறியும் நாவலில் வாசகர் கண்முன் விரிக்கப்படும் விஷயங்களில் சில, கொலையாளியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவை. அவை தடயங்கள். வேறு சில, வாசகரைத் தவறான ஆளின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துபவை. ஆங்கிலத்தில் 'ரெட் ஹெர்ரிங்' என்கிறார்களே, அது. தமிழில் பொய்த்தடம் என்று வைத்துக்கொள்ளலாம். பொய்த்தடம் என்றால் எழுத்தாளர் சொல்லும் பொய் என்று பலர் நினைக்கிறார்கள். மட்டமான நாவல்களில் அப்படித்தான் இருக்கிறது. நல்ல நாவலில் பொய்த்தடமும் நடந்த விஷயம்தான். அதற்கென்று தனியாக ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்துக்கும் கொலைக்கும் சம்பந்தம் இருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம். அக்ராய்ட் நாவலை இத்தனை காலம் கழித்தும் பிரித்துப் பார்க்கத் தோன்றுவது, இந்த ஒரு நியதியை அது கடைசிவரை காப்பாற்றியிருப்பதால்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருமதி ஃபெர்ரார்ஸ் என்ற விதவை தூக்க மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டு இறக்கிறார். குடிகாரக் கணவனுக்கு அவர்தான் முந்தைய ஆண்டு விஷம் வைத்தார். அது தெரிந்த யாரோ ஒருவர் ஓராண்டாக அவரை மிரட்டிப் பணம் கறந்துவந்திருக்கிறார். திருமதி ஃபெர்ரார்ஸை மணக்கவிருந்த அக்ராய்டுக்கு, இறப்பதற்குமுன் அவர் எழுதிய கடிதம் மறுநாள் இரவு வந்து சேர்கிறது. மிரட்டியவர் பெயர் அதில் இருக்கிறது. அந்த நேரத்தில் அக்ராய்டோடு அறையில் உட்கார்ந்திருப்பவர் டாக்டர் ஷெப்பர்ட். கதையை நமக்குச் சொல்பவரும் அவரே. அக்ராய்ட் கொலையாகிறார், கடிதம் காணாமல் போகிறது. ஓய்வு பெற்றுப் பக்கத்து வீட்டில் தோட்டம் போட்டுக்கொண்டிருக்கும் ஹெர்க்யூல் புவாரோ விசாரணையில் இறங்குகிறார்.

இனி சந்தேகப்படத்தக்கவர்களின் வரிசையைப் பாருங்கள். அக்ராய்டின் வளர்ப்பு மகன் ரால்ஃப் கடனில் மூழ்கியவன். கொலை நடந்த இரவிலிருந்து அவனைக் காணவில்லை. ஜன்னல் விளிம்பில் அவனுடைய காலணித் தடம் வேறு பதிந்திருக்கிறது. வீட்டு மேற்பார்வையாளர் மிஸ் ரஸ்ஸல் அன்று காலை டாக்டரிடம் வந்து போதைப் பொருள்களைப் பற்றியும் விஷங்களைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். வேலையாள் பார்க்கர் கதவருகே ஒட்டுக்கேட்கும் பழக்கம் உள்ளவர். தோட்டத்து மீன் குளத்தில் ஒரு கல்யாண மோதிரம் கிடைக்கிறது. தோட்டக் குடிலில் ஒரு துணிக்கிழிசலும் ஒரு வாத்து இறகுக் குழாயும் கிடைக்கின்றன. இரவு 9 மணிக்கு முகம் தெரியாத ஒருவன் கேட் அருகே வந்து வழி கேட்டிருக்கிறான்.

இதில் ஒன்றுகூட எழுத்தாளர் சும்மா தூவியதல்ல. மோதிரம், ரால்ஃப் ரகசியமாக மணந்துகொண்ட வீட்டுப் பணிப்பெண் உர்சுலாவுடையது. விஷத்தைப் பற்றிக் கேட்ட மிஸ் ரஸ்ஸலுக்கு ஒரு மகன் உண்டு. ஊருக்குத் தெரியாமல் வளர்ந்த அவன் போதைப் பழக்கத்துக்கு ஆளானவன். கேட்டருகே வழி கேட்டவன் அவன்தான், இறகுக் குழாய் அவன் பொடி உறிஞ்சியது. பார்க்கர் முன்பு வேலை பார்த்த முதலாளியை மிரட்டிப் பணம் பறித்தவர், இங்கும் அதே வாய்ப்புக் கிடைக்காதா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் புவாரோ எல்லோரையும் கூட்டிவைத்து, நீங்கள் ஒவ்வொருவரும் என்னிடம் ஏதோ ஒன்றை மறைக்கிறீர்கள் என்று சொல்லிவிடுகிறார். அது மிரட்டல் மட்டுமல்ல. இந்த நாவல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை வாசகருக்கே திறந்து காட்டும் இடம்.

இவற்றில் மிக நேர்த்தியானது ஃப்ளோராவின் பொய். ஃப்ளோரா அக்ராய்டின் தம்பி மகள். இரவு 9.45க்குப் பெரியப்பாவின் அறைக்குள் போய், தூங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்ததாக அவள் சொல்கிறாள். அவள் அறைக் கதவின் கைப்பிடியில் கைவைத்து நின்றதைப் பார்க்கரும் பார்த்திருக்கிறார். ஆக அக்ராய்ட் 9.45 வரை உயிரோடு இருந்தார், கொலை அதற்குப் பிறகு நடந்தது என்று போலீஸ் முடிவு கட்டுகிறது. யார் எங்கே இருந்தார்கள் என்ற கணக்கெல்லாம் 9.45க்குப் பிந்தைய நேரத்துக்கே போடப்படுகிறது.

உண்மையில் அவள் அந்த அறைக்குள் போகவே இல்லை. அங்கே ஒரு சிறு மாடிப்படி அக்ராய்டின் படுக்கையறைக்குப் போகிறது. அங்கிருந்து 40 பவுண்ட் திருடிக்கொண்டு இறங்கும்போது பார்க்கரின் காலடிச் சத்தம் கேட்கவே, சட்டென்று வாசிப்பறைக் கதவில் கைவைத்து, அப்போதுதான் வெளியே வருகிறவள்போல நின்றிருக்கிறாள். ஒரு பெண் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய், தனக்குத் தெரியாமலே கொலையாளியைக் காப்பாற்றிவிடுகிறது. பொய்த்தடத்துக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. ஒரு நபரைச் சந்தேகப்பட வைப்பது எளிது. ஒரு நேரத்தை நம்பவைப்பதுதான் கடினம், ஏனென்றால் நேரத்தை நாம் சந்தேகிப்பதே இல்லை. மேலும், பார்க்கர் கண்டது என்ன என்று கவனித்தால் அங்கேயே நேர்மையும் தெரியும். அவள் கதவுக்கு வெளியே நின்றதைத்தான் அவர் பார்த்தார், கதவைத் திறந்து வெளியே வந்ததைப் பார்க்கவில்லை. கிறிஸ்டி அந்த வேறுபாட்டைப் பக்கத்தில் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். நாம்தான் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

இனி மெய்யான தடயங்கள். கொலையாளி, கதை சொல்லும் டாக்டர் ஷெப்பர்டே. திருமதி ஃபெர்ரார்ஸை மிரட்டியவரும் அவர்தான். இந்த முடிவை வாசகர் ஊகிக்கத் தேவையான எல்லாமே கடைசி அத்தியாயத்துக்கு முன்பே அச்சில் இருக்கிறது. எங்கெங்கே இருக்கிறது என்பதுதான் சுவாரசியம்.

பணத்தை எடுத்துக்கொள்வோம். மிரட்டியவர் கறந்த தொகை ஏறக்குறைய 20,000 பவுண்ட். அன்றைக்கு அது பெரும் சொத்து. பணமுடையில் இருந்த ஒருவர்தான் இதைச் செய்திருக்க வேண்டும். ஷெப்பர்டுக்குப் பணம் தேவைப்பட்டது, அதை ஊக வணிகத்தில் விட்டார் என்பது எங்கே சொல்லப்படுகிறது? மூன்றாம் அத்தியாயத்தில். தோட்ட வேலையில் எரிச்சல் வந்த புவாரோ ஒரு பெரிய காயைப் பிய்த்து வீசுகிறார், அது மதிலைத் தாண்டி ஷெப்பர்டின் தோட்டத்தில் வந்து விழுகிறது. புவாரோ தலையை நீட்டி மன்னிப்புக் கேட்கிறார். புகழ்பெற்ற துப்பறிவாளரை நாம் முதன்முதலில் இந்தக் கோலத்தில் பார்ப்பதால் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்கு நடுவே நடக்கும் பேச்சில், தனக்கு ஓராண்டுக்கு முன் கொஞ்சம் பணம் வந்ததாகவும், மேற்கு ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கம் ஒன்றில் போட்டு இழந்துவிட்டதாகவும் ஷெப்பர்ட் தாமாகவே சொல்கிறார். கொலை இன்னும் நடக்கவே இல்லை. அதனால் நமக்கு எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்ற நினைப்பே வருவதில்லை. கணவருக்கு விஷம் வைத்த விவகாரம் ஒரு டாக்டருக்குத் தெரிய வாய்ப்பு உண்டா என்று கேட்டால், இறந்த ஃபெர்ரார்ஸுக்கு வைத்தியம் பார்த்தவரே ஷெப்பர்ட்தான். அதுவும் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது, கரோலைனின் ஊர்வம்புப் பேச்சுக்குள் புதைந்து.

அடுத்தது, குரல். இரவு 9.30க்கு அக்ராய்ட் அறைக்குள் யாருடனோ பேசிக்கொண்டிருந்ததை அவருடைய செயலர் ரேமண்ட் கேட்டிருக்கிறார். விருந்தாளியாக வந்திருந்த மேஜர் பிளண்டும் கேட்டிருக்கிறார். ஆனால் இருவரும் அக்ராய்டைப் பார்க்கவில்லை. கேட்ட வாக்கியமோ, யாரோ நிதி கேட்டதற்கு மறுப்புச் சொல்லி அலுவலகக் கடிதத்தில் எழுதுகிற மாதிரியான வாக்கியம். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பேச்சைப் பதிவுசெய்யும் டிக்டபோன் கருவியை விற்கும் நிறுவனத்தின் ஆள் ஒருவர் சில நாள் முன்பு அந்த வீட்டுக்கு வந்துபோனதும் கதையில் தெரிவிக்கப்படுகிறது, அக்ராய்ட் வாங்குவதா வேண்டாமா என்ற யோசனையில் இருந்தார் என்ற அளவில். ஷெப்பர்டுக்கு வீட்டில் ஒரு சிறு பட்டறை உண்டு, கடிகாரம் போன்றவற்றைக் கழற்றி மாட்டுவது அவர் பொழுதுபோக்கு என்பதும் இடையே வருகிறது. மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்திருந்தால் பள்ளிச் சிறுவனும் கண்டுபிடித்துவிடுவான். கிறிஸ்டி அவற்றை வெவ்வேறு அத்தியாயங்களில், வெவ்வேறு வாய்களில் வைத்திருக்கிறார். செத்துப்போனவரின் குரலைக் குறித்த நேரத்தில் ஒலிக்கவைக்கக் கருவியோடு ஒரு கடிகார அமைப்பைப் பொருத்தத் தெரிந்தவர் அந்த ஊரில் யார் என்ற கேள்வியை நாம்தான் எழுப்பிக்கொள்ள வேண்டும்.

கருவி மேசைமேல் இருந்தால் கதவைத் திறந்ததும் தெரிந்துவிடுமே? அதை மறைக்க உயர்ந்த முதுகு கொண்ட ஒரு நாற்காலி சுவரோரத்திலிருந்து இழுத்துப் போடப்பட்டது. பிறகு யாரோ அதைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டார்கள். இது பார்க்கர் சொல்லும் சின்னத் தகவல். யார் தள்ளினார்கள் என்று கேட்டால் எவருக்கும் தெரியவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று ஷெப்பர்ட் ஒதுக்கப் பார்க்கிறார். புவாரோவுக்கோ, எதற்கும் உதவாததாகத் தோன்றுவதாலேயே அதன்மேல் ஆர்வம். வாசகர் பெரும்பாலும் ஷெப்பர்டின் பக்கம் சேர்ந்துகொள்கிறார். கதை சொல்பவர் ஒன்றை முக்கியமில்லை என்றால் நாமும் தலையாட்டிவிடுகிறோம்.

தொலைபேசிக்கு வருவோம். அழைப்பு கிங்ஸ் அபட் ரயில் நிலையத்திலிருந்து 10.15க்கு வந்தது என்று விசாரணையில் தெரிகிறது. 10.23க்கு லிவர்பூல் போகும் இரவு மெயில் அங்கிருந்து புறப்படும். கொலையாளி போன் செய்துவிட்டு ரயிலேறித் தப்பினான் என்று போலீஸ் நினைக்கிறது. புவாரோ கேட்கும் கேள்வி வேறு: அந்த அழைப்பால் என்ன விளைந்தது? மறுநாள் காலை வேலைக்காரர்கள் கண்டுபிடித்திருக்க வேண்டிய பிணம், அன்றிரவே ஷெப்பர்ட் பக்கத்தில் இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டது. போலீஸுக்குச் சொல்லப் பார்க்கர் போன நேரத்தில் கருவியைப் பைக்குள் போட்டு நாற்காலியைத் தள்ளிவைக்க ஒருவருக்கு அவகாசம் கிடைத்தது. உண்மையில் போன் செய்தவர், அன்று காலை ஷெப்பர்டிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு கப்பல் ஊழியர். வேறு ஏதோ ஒரு சிறு தகவலைச் சொல்லும்படி ஷெப்பர்ட் அவரிடம் கேட்டிருந்தார். அன்று வந்த நோயாளிகளில் அப்படி ஒருவர் இருந்தார் என்று புவாரோவிடம் சொல்வது யார் தெரியுமா? ஊரில் யார் எங்கே போனார் வந்தார் என்று எல்லாம் தெரிந்துவைத்திருக்கும் கரோலைன். தம்பியைத் தூக்குமேடைப் பக்கம் தள்ளுகிறோம் என்பது அந்தப் பாவப்பட்ட அம்மாளுக்குத் தெரியாது.

கடைசியாக அந்தப் பத்து நிமிடங்கள். கடிதம் வந்தது 8.40க்கு என்று ஷெப்பர்ட் எழுதுகிறார். அறையை விட்டுத் தாம் புறப்பட்டது 8.50க்கு என்றும் எழுதுகிறார். இடையில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் கொலை. பிறகு கேட்டைத் தாண்டும்போது தேவாலய மணி 9 அடித்ததாகச் சொல்கிறார். வீட்டிலிருந்து கேட்டுக்கு ஐந்து நிமிட நடைதான். மீதி நேரத்தில் அவர் ரால்ஃபின் காலணியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே ஏறி, கதவை உள்ளே தாழிட்டு, வந்த வழியே இறங்கியிருக்கிறார். புவாரோ அதே வேலைகளைத் தாமே செய்து பார்த்துச் சரியாகப் பத்து நிமிடம் ஆகிறது என்று உறுதிசெய்துகொள்கிறார். மூன்று எண்களும் வாசகர் கண்ணுக்கு முன்னே, ஒரே அத்தியாயத்தில் இருக்கின்றன. கழித்துப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த நாவல் வந்ததும் சண்டை தொடங்கியது. 1928இல் அமெரிக்க எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் துப்பறியும் கதைக்கு 20 விதிகள் வகுத்தார். குற்றவாளி துப்பறிவாளரை ஏமாற்றச் செய்யும் தந்திரங்களைத் தவிர வேறு தந்திரம் எதையும் வாசகர்மேல் பிரயோகிக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. அடுத்த ஆண்டு ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் பத்து விதிகள் எழுதினார். துப்பறிவாளருக்குக் கிடைக்கும் தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்றார். கூட இருக்கும் நண்பர் பாத்திரம் தன் மனத்தில் ஓடுவதை மறைக்கக்கூடாது என்றும் சொன்னார். இந்தப் பின்னைய விதியை வரிக்கு வரி வைத்துப் பார்த்தால் ஷெப்பர்ட் தப்ப முடியாது. ஆனால் டாரதி எல். சேயர்ஸ், எல்லோரையும் சந்தேகிப்பது வாசகரின் கடமை என்று கிறிஸ்டியின் பக்கம் நின்றார். கிறிஸ்டியும் தம் சுயசரிதையில், கவனமாகப் படிப்பவர் இதில் மோசடி இல்லை என்பதை உணர்வார் என்று வாதாடினார். டாக்டர் எழுதியது எல்லாம் உண்மை, முழு உண்மை இல்லை என்பது மட்டுமே அவர் தரப்பு.

இந்த வழக்கில் கிறிஸ்டியின் பக்கம்தான் நியாயம் கூடுதல். ஷெப்பர்ட் நண்பர் பாத்திரத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே தவிர, அவர் சொன்ன எந்த உண்மைச் செய்தியும் பொய்யாகவில்லை. நேரங்களை மாற்றிச் சொல்லியிருந்தால் அது மோசடி. கொலை நடந்த பத்து நிமிடத்தில் கணப்படுப்பருகே பேசிக்கொண்டிருந்தோம் என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் அதுவும் மோசடி. அவர் தாண்டிப்போகிறார். தாண்டிய இடத்துக்கு இருபக்கமும் மணி குறித்துவிட்டுத் தாண்டுகிறார். ஒரே ஒரு குறை சொல்லலாம்: டிக்டபோனை அக்ராய்ட் வாங்கியேவிட்டார் என்பது புவாரோவுக்கு அந்த நிறுவனத்திடம் விசாரித்ததில் தெரிகிறது, நமக்கு முடிவில்தான் சொல்லப்படுகிறது. ஆனால் கருவியின் பேச்சு முன்பே வந்துவிட்டதால், அதை ஊகிக்கும் வழி அடைக்கப்படவில்லை.

எது நேர்மையில்லாத ஏமாற்று என்பதற்கு இந்த நாவலையே அளவாகக் கொள்ளலாம். கடைசி அத்தியாயத்தில் அதுவரை பெயரே வராத ஒருவர் முளைப்பது, துப்பறிவாளர் எதையோ எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் என்று சொல்லிவிட்டு அது என்ன என்பதைச் சொல்லாமல் விடுவது, இவை எல்லோரும் அறிந்த குறைகள். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. நள்ளிரவில் தோட்டத்தில் நின்ற நிழல், இரத்தக் கறை படிந்த கைக்குட்டை, பதில் சொல்லாமல் முகம் வெளிறிய அத்தை என்று நடுவில் கிளப்பிவிட்ட சந்தேகங்களுக்குக் கடைசியில் காரணமே சொல்லாமல் புத்தகம் முடிந்துவிடும். கொலையாளி பிடிபட்ட பரபரப்பில் நாமும் அவற்றை மறந்துவிடுவோம். அந்த அத்தை ஏன் வெளிறினார்? விடை இல்லையென்றால், எழுத்தாளர் நம்மை அலைக்கழிக்க மட்டுமே அவர் முகத்துக்குச் சுண்ணாம்பு பூசினார் என்று பொருள். வாரத் தொடராக எழுதும்போது இந்த ஆபத்து அதிகம். ஒவ்வொரு வாரமும் ஒரு திடுக்கிடும் இடத்தில் நிறுத்தவேண்டிய நெருக்கடியில், கிளப்பிய சந்தேகங்கள் தொடர் முடியும்போது கணக்கில் வராமல் போகலாம். அக்ராய்ட் நாவலும் முதலில் 1925இல் லண்டன் 'ஈவ்னிங் நியூஸ்' நாளிதழில் தொடராக வந்ததுதான் என்பதை நினைத்தால் கிறிஸ்டியின் கட்டுப்பாடு இன்னும் வியப்பளிக்கிறது.

அப்படியானால் படிக்கும்போதே எங்கே பார்வையை வைக்கவேண்டும்? அத்தியாயத்தின் கடைசி வரியில் பளிச்சென்று நிறுத்தப்படுவது பெரும்பாலும் பொய்த்தடம். நாம் அதையே நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பதற்காக வைத்தது அது. மெய்த்தடயத்தை எழுத்தாளர் நடுப்பகுதியில் வைப்பார், அதற்கு அடுத்த வரியிலேயே கவனத்தை இழுக்கும் ஏதாவது நடக்கும். மதில் தாண்டி விழுந்த காய் செய்த வேலை அதுதான். சிரிப்பு வரும் இடங்களையும், வம்பு பேசுபவர், உளறுபவர், குழந்தை என்று நாம் மதிக்காதவர்கள் வாயில் வரும் செய்திகளையும் இரண்டாம் முறை படியுங்கள். கிறிஸ்டியின் 1950ஆம் ஆண்டு நாவலான 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்'இல் ஞாபகமறதிக்கார மூதாட்டி ஒருவர் தன் தோழியின் செல்லப்பெயரைச் சில இடங்களில் ஓர் எழுத்து மாற்றிச் சொல்கிறார். படிப்பவர்கள் அச்சுப்பிழை என்று கடந்துபோகிறார்கள். அது பிழையல்ல.

மணிக்கணக்குச் சொல்லப்பட்டால் கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஒருவர் கேட்டேன் என்கிறாரா, பார்த்தேன் என்கிறாரா என்று பிரித்து வையுங்கள். இடம் மாறிய நாற்காலி, எரியாத விளக்கு போன்ற அசையாப் பொருள்களை எழுத்தாளர் ஏன் பேசுகிறார் என்று கேளுங்கள். யாராவது பொய் சொன்னதாகத் தெரியவந்தால் உடனே அவரைக் கொலையாளி ஆக்காமல், அந்தப் பொய்யால் வேறு யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். ஃப்ளோராவின் பொய்யில் அதிக லாபம் அடைந்தவர் அவள் அல்லவே.

இருக்கவேண்டிய ஒன்று இல்லாமல் இருப்பதைக் கவனிப்பதுதான் இருப்பதிலேயே கடினம். டாரதி சேயர்ஸ் 1931இல் எழுதிய 'ஃபைவ் ரெட் ஹெர்ரிங்ஸ்' நாவலின் தலைப்பே கணக்கைச் சொல்லிவிடுகிறது: ஸ்காட்லாந்தில் ஓர் ஓவியர் செத்துக் கிடக்கிறார், சந்தேகத்துக்குரிய ஓவியர்கள் ஆறு பேர், அவர்களில் ஐவர் பொய்த்தடம். இறந்தவரின் ஓவியச் சாமான்களை லார்ட் பீட்டர் விம்சி சோதித்துப் பார்த்து, ஒரு பொருள் குறைகிறது என்று கண்டுபிடிக்கிறார். அது என்ன என்பதை அந்த இடத்தில் சேயர்ஸ் எழுதவில்லை. கூர்மையான வாசகர் தாமே கண்டுகொள்வார் என்பதால் விட்டுவிட்டதாக வெளிப்படையாகக் குறிப்பு எழுதிவிட்டு நகர்கிறார். பையில் இருந்த சாமான்களின் பட்டியல் பக்கத்திலேயே இருக்கிறது. கீழே பாதி முடிந்த ஓவியமும் இருக்கிறது. ஓவியம் வரைந்து பழக்கமுள்ளவருக்கு அரை நிமிட வேலை, மற்றவருக்குப் பெரும்பாடு. இங்கே அதைச் சொல்வது அவருக்குச் செய்யும் துரோகமாகும்.

எல்லரி குயின் என்ற பெயரில் எழுதிய இரு அமெரிக்கர்கள் 1929 முதல் தம் ஆரம்பகால நாவல்களில் ஒரு தனி ஏற்பாடு செய்தார்கள். முடிவுக்குச் சற்று முன்னால் கதையை நிறுத்தி, தேவையான தடயங்கள் எல்லாம் உங்கள் கையில் இருக்கின்றன, விடை கண்டுபிடியுங்கள் என்று வாசகருக்கு அறைகூவல் விடும் ஒரு பக்கத்தை வைத்தார்கள். கிறிஸ்டியிடம் அப்படிப் பக்கம் கிடையாது, நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த முறை ஒரு துப்பறியும் நாவலை எடுக்கும்போது, எல்லோரையும் ஒரே அறையில் கூட்டிவைக்கும் கட்டம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, கொலையாளியின் பெயரையும் அதற்கு ஆதாரமான மூன்று பக்க எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் தவறிப்போனாலும் பரவாயில்லை, பக்க எண்கள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.